கொட்டிய சாறு

கல்யாணமாகி வந்த மூன்று வருடத்தில் தர்ஷினி தன் நாத்தனாரிடம் ஒருமுறைகூட ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. எதைச் சொன்னாலும் ‘சரி மதினி’தான். அதற்காகச் சொன்னதையெல்லாம் செய்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செல்வமணி காய்ச்சிக் கொடுத்த கஷாயங்களில் முக்கால்வாசி, கொல்லைப்புறத்தில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியின் அடிமூட்டில்தான் போய்ச் சேர்ந்தது. காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “குடிச்சிட்டேன் மதினி” என்று சொல்லிவிட்டால் வீட்டில் சண்டையும் இல்லை, வயிற்றில் கஷாயமும் இல்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் நினைத்திருந்தாள்.

செல்வமணி பொல்லாதவள் இல்லை. அம்மா போன பிறகு தம்பி இசக்கித்துரையைத் தையல் மிஷினை மிதித்து வளர்த்தவள். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னாலுள்ள அந்தச் சந்தில் அவள் தைத்த ஜாக்கெட் போடாத பெண் கிடையாது. தர்ஷினிக்குப் பிரசவ வலி கண்டபோது பதினாறு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இதே செல்வமணிதான். ஆனால் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அளவு எடுத்துத் துணியை வெட்டிய பிறகு யாராவது மாற்றிப் பேசுவார்களா என்பாள்.

குழந்தை கோமதிஸ்ரீக்குப் பதினான்கு மாதம். வெள்ளிக்கிழமை கரிவலம்வந்தநல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். அங்கே இரண்டு பிள்ளைகளுக்கு ஏற்கனவே வயிற்றோட்டம். அந்தப் பிள்ளைகள் கடித்துப் போட்ட பொம்மையை இவளும் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாந்தி தொடங்கிவிட்டது. ஐந்து முறை. திங்கட்கிழமை காலையில் தண்ணீராகப் பேதியும் சேர்ந்துகொள்ள, தர்ஷினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள்.

அங்கே டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வயிற்றில் தொற்று, பெரும்பாலும் வைரஸ், தானாகவே சரியாகிவிடும் என்று சொல்லி நர்ஸ் ஞானபூரணத்திடம் அனுப்பினார். ஞானபூரணம் ஒரு விஷயத்தைச் சொன்னால் கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டாள்.

“இந்த உப்புச் சர்க்கரைப் பாக்கெட்ட எவ்வளவு தண்ணில கலக்கணும்?”

“ஒரு லிட்டர் சிஸ்டர். கொதிக்க வச்சு ஆறின தண்ணி.”

“முழு பாக்கெட்டும். டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கலக்கக் கூடாது. கலந்தத ஒரு நாள்தான் வச்சிருக்கணும், மிச்சத்தக் கீழ ஊத்திரணும். எப்பிடிக் குடுப்ப?”

“டம்ளர்ல...”

“டம்ளர்ல குடுத்தா தாகத்துல மடமடன்னு குடிக்கும், மொத்தத்தையும் கக்கிரும். ஸ்பூன்ல குடு. ஒரு ஸ்பூன், ஒண்ணு ரெண்டு நிமிசம் பொறு, அடுத்த ஸ்பூன். கக்கிட்டுன்னா பத்து நிமிசம் சும்மா இரு. அப்புறம் இன்னும் மெதுவா தொடங்கு. தாய்ப்பால நிறுத்தாத. ஒவ்வொரு பேதிக்கும் இந்தத் தண்ணிய கூடக் கொஞ்சம் குடு. வாந்தி நின்னு பசின்னு கேட்டா இட்லி, குழைஞ்ச சோறு, தயிரு, வாழைப்பழம் குடு. பட்டினி போடாத. கலர், ஜூஸ் எதுவும் ஆகாது. வாந்தி நிக்க, பேதி நிக்கன்னு நீயா மருந்து வாங்கிக் குடுக்காத. நாட்டு மருந்தும் வேண்டாம். இந்தத் துத்தநாக மாத்திரைய மட்டும் தினம் ஒண்ணு கரைச்சுப் பதினாலு நாளைக்கு.”

அதற்குப் பிறகுதான் ஞானபூரணம் மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதச் சொன்னாள். எதெது வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பது. வாந்தி பச்சையாக வந்தால். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் வந்தால். ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாவிட்டால். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராவிட்டால். குடித்ததெல்லாம் வெளியே வந்தால். விட்டுவிட்டு வயிறு வலித்துக் கத்தினால், வயிறு உப்பினால். கூப்பிட்டால் முழிக்காமல் துவண்டு கிடந்தால்.

“இதுல ஒண்ணே ஒண்ணு வந்தாலும் தூக்கிட்டு வந்திரு. எல்லாம் சேர்ந்து வரட்டும்னு பாத்துட்டு இருக்காத,” என்றாள் ஞானபூரணம்.

அன்றைக்குப் பகல் முழுவதும் தர்ஷினி ஒரு ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தாள். செல்போனில் நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனாக விட்டாள். இரண்டு தரம் கக்கியது. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கினாள். முன்னறையில் மிஷினை மிதித்துக்கொண்டே செல்வமணி எட்டிப் பார்த்து, “குருவிக்கு ஊட்டுத மாதிரி ஊட்டுதா. இப்பிடிக் குடுத்தா என்னைக்கு வயிறு நெறையும்,” என்று சொன்னாள். ஆனால் சாயங்காலம் வாந்தி நின்றது. செவ்வாய்க்கிழமை பிள்ளை ஒரு இட்லியைப் பிசைந்து பாதியைத் தின்று பாதியைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். தர்ஷினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புதன்கிழமை காலையிலும் இரண்டு முறை பேதி போயிற்று. இத்தனை நாள் பொறுத்த செல்வமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வாசல் தொட்டியிலிருந்து ஓமவல்லி இலையைக் கைநிறையப் பறித்து, கசக்கிப் பிழிந்து, அரை டம்ளர் சாறு எடுத்துவந்து நீட்டினாள். கரும்பச்சை நிறம். வாசனை வீடு முழுக்க ஏறியது.

“மூணு ஸ்பூன் குடு. வயித்து மந்தம் அத்தனையும் இறங்கிரும். துரைக்கு இதக் குடுத்துத்தான் நான் வளத்தேன்.”

“சரி மதினி.”

செல்வமணி முன்னறைக்குத் திரும்பினாள். தர்ஷினி டம்ளரோடு கொல்லைப்புறம் போனாள். நர்ஸ் சொன்னது ஒருபக்கம், மதினி சொன்னது ஒருபக்கம். யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. கறிவேப்பிலை மூட்டில் ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“குடுத்தியா?” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“குடுத்தேன் மதினி.”

அவ்வளவுதான் நடந்தது. அப்போது மணி எட்டு.

பதினொரு மணிக்கு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டாள். சாதாரண அழுகை இல்லை அது. இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் வெளிறிப்போய், மூச்சுப் பிடித்துக் கத்தினாள். தர்ஷினி தூக்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டென்று அடங்கிவிட்டது. எதுவுமே நடக்காததுபோல இறங்கிப்போய்ப் பொம்மையை எடுத்தாள். வாய்வு பிடித்திருக்கும் என்றாள் செல்வமணி. இருக்கலாம் என்றுதான் தர்ஷினிக்கும் பட்டது.

இருபது நிமிடத்தில் மறுபடியும் கத்தினாள். அதற்கும் பிறகு கால்மணி நேரத்தில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவை அடங்கிய பிறகும் பிள்ளை முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக விளையாடினாள். பொம்மையை எடுத்தவள் பிறகு பொம்மையைப் பார்க்க மட்டும் செய்தாள். பிறகு அதுவும் இல்லை. வேறு யாரும் கவனிக்காத இந்தக் கணக்கைத் தர்ஷினி மட்டும் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு வாந்தி மறுபடி வந்தது. காலையில் தின்ற இட்லி. தர்ஷினி பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூனை எடுத்தாள். முதல் ஸ்பூனே திரும்பி வந்தது. இன்னும் பத்து நிமிடம். அதுவும் தங்கவில்லை. இசக்கித்துரை சாப்பிட வந்திருந்தான். புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு லோடு அடிக்கும் குட்டி யானை வண்டி சந்து முனையில் நின்றது. அவன் சோற்றில் கை வைத்தபோதுதான் பிள்ளை நான்காவது முறை கக்கினாள்.

தர்ஷினியின் தோளிலிருந்து முழங்கை வரை வழிந்தது பச்சை. ஓமவல்லி இலையின் பச்சையேதான்.

“பாத்தியா,” என்றாள் செல்வமணி. குரலில் அப்படியொரு நிம்மதி. “சாறு வேலை செய்யுது. உள்ள கெடந்த அழுக்க எடுத்துட்டு வெளிய வருது பாரு. இனி வயிறு லேசாயிரும்.”

இசக்கித்துரையும் பார்த்தான். “காலைல குடுத்த சாறா?”

“ஆமா. மூணு ஸ்பூன். உன் பொண்டாட்டிதான் குடுத்தா.”

“அப்பம் சரி,” என்று அவன் சோற்றைப் பிசைந்தான்.

தர்ஷினி அசையாமல் நின்றாள். வழிந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், சாறு கறிவேப்பிலைக்குக் கீழே மண்ணில் கிடக்கிறது என்று. பிள்ளையின் வாயில் ஒரு சொட்டும் போகவில்லை. அப்படியானால் இந்தப் பச்சை எங்கேயிருந்து வந்தது?

பயம் என்றால் என்னவென்று அவளுக்கு அதுவரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது.

அவள் அறைக்குப் போய்ச் சீட்டை எடுத்துத் திருப்பினாள். தன் கையெழுத்து. முதல் வரி: பச்சையாக வாந்தி. கீழே போகப் போக, விட்டுவிட்டு வலித்துக் கத்தினால். எப்போது கடைசியாகப் பிள்ளை ஒண்ணுக்குப் போனாள் என்று யோசித்தாள். ஒன்பது மணிக்கு டயபர் மாற்றியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு அது காய்ந்தே கிடந்தது.

ஆனாலும் உண்மை வாயில் வரவில்லை. மனுஷ புத்தி அப்படித்தான். வீடு தீப்பிடித்தாலும் முதலில் மானத்தைத்தான் தேடும். சாற்றைக் கொட்டினேன் என்று இன்றைக்குச் சொன்னால், நாளைக்கு மூன்று வருடத்துச் ‘சரி மதினி’க்கும் கணக்குக் கேட்பார்கள். சொல்லாமலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று பார்த்தாள்.

“எதுக்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?”

“எதுக்கு?” என்றான் இசக்கித்துரை. “சாறுதான வருது. மூணு மணிக்குப் புளியங்குடில லோடு நிக்கு. சாயங்காலமும் இப்பிடியே இருந்தா போவோம்.”

“சாறுன்னா வாசனை வரணும்லா. இதுல ஓமவல்லி வாசனையே இல்ல.”

“வயித்துக்குள்ள ஆறு மணி நேரம் கெடந்தா வாசனை எங்கன இருக்கும்,” என்றாள் செல்வமணி. “ஏட்டி, ரெண்டு நாளா நீயும் ஒறங்கல. அதான் கண்டதையும் நெனைக்க. பிள்ளைய எங்கிட்ட குடு, நீ போய்க் குளி.”

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தர்ஷினிக்குத் தாங்கவில்லை. செல்வமணி பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, தோளைத் தட்டிக் கொடுத்தாள். மறுபடி வலி வந்தது. கால் மடங்கியது, முகம் சுளித்தது. ஆனால் சத்தம் வரவில்லை. ஒரு முனகல் மட்டும். பிறகு கண்கள் பாதி திறந்தபடி தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“ஒறங்குது பாரு,” என்றாள் செல்வமணி மெதுவாக. “வயிறு லேசாயிட்டு.”

தர்ஷினி குனிந்து, “கோமதி, ஏ கோமதி,” என்று கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை கண்ணைத் திருப்பவில்லை.

“அது ஒறக்கம் இல்ல மதினி.”

“பின்ன?”

“நான் சாறு குடுக்கல.”

செல்வமணியின் கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றது.

“கொட்டிட்டேன். கறிவேப்பிலை மூட்டுல கொட்டிட்டு உங்ககிட்ட பொய் சொன்னேன். பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல. அப்பம் இந்தப் பச்சை சாறு இல்ல. வேற என்னமோ. பச்சையா வந்தா ஒரு நிமிசம்கூட இருக்கக் கூடாதுன்னு அந்த சிஸ்டர் சொன்னா. நான் அரைமணி நேரமா வாயத் திறக்காம நிக்கேன்.”

செல்வமணி அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள், அறையப்போகிறாள் என்று தர்ஷினி காத்திருந்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள், அதற்கு ஆகும் நேரத்தைத்தான் அவளால் தாங்க முடிந்திருக்காது. செல்வமணி பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

“ஏலே துரை, வண்டிய எடு.”

தாலுகா அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். பச்சை வாந்தி என்றதும் வரிசையில் நின்றவர்களை விலக்கிப் பிள்ளையை மேசையில் கிடத்தினார். தர்ஷினி பதற்றத்தில் கையோடு கொண்டுவந்திருந்த உப்புச் சர்க்கரைக் கரைசலையும் ஸ்பூனையும் பார்த்தவர், “அத உள்ள வைங்க. இனி வாய்வழியா ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது, பாலும் கூடாது,” என்றார்.

மூன்று நாளாகப் பிள்ளையின் உயிரை ஸ்பூன் ஸ்பூனாகப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கரைசல்தான். இப்போது அதுவே ஆகாது என்றதும், தர்ஷினிக்குக் கையில் இருந்த ஒரே பிடிமானமும் நழுவியதுபோல இருந்தது.

டாக்டர் வயிற்றின் வலது பக்கத்தை மெல்ல அமுக்கிப் பார்த்தார். ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவர் முகம் மாறியது.

“முன்னால இருந்தது வயித்துத் தொத்துதான். அது வேற, இது வேற. இப்பம் குடலுக்குள்ள குடல் சொருகிட்டுன்னு சந்தேகப்படுதேன். தொத்து வந்த சில பிள்ளைகளுக்கு இப்பிடி ஆகும். வழி அடைச்சிட்டதால பித்தநீர் மேல ஏறி வருது. அதான் பச்சை.”

இசக்கித்துரைக்கு விளங்கவில்லை. “குடலுக்குள்ள குடலுன்னா?”

“சட்டைக் கைய உள்ளுக்குள்ள இழுத்து மடிச்சா எப்பிடி இருக்கும், அப்பிடி.”

செல்வமணிக்கு அது நன்றாக விளங்கியது. முப்பது வருடமாகச் சட்டைக் கைகளைத் திருப்பிப் போட்டவள். மடிந்த துணிக்கு உயிர் இல்லை, குடலுக்கு உண்டு என்பதும் விளங்கியது.

டாக்டர் கையில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் போட்டார். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் இறக்கினார். அதில் பச்சையாகத்தான் வழிந்தது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். நாலரை மணிக்குப் புறப்பட்டார்கள். தேவர்குளம் தாண்டும்போது பிள்ளை ஒருமுறை முனகினாள். மானூர் வரை அதுவும் இல்லை. ஆம்புலன்ஸில் வந்த பையன் விரலில் மாட்டியிருந்த கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தர்ஷினி அவன் முகத்தைப் பார்த்தாள். செல்வமணி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் இப்படியே போனார்கள்.

திருநெல்வேலியில் டயபரைக் கழற்றியபோது அதில் சிவப்பாக, சளியும் ரத்தமும் கலந்து கூழாக இருந்தது. ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் திரையைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். ஆசனவாய் வழியாக உப்புத் தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றி, சொருகிய குடலைப் பின்னால் தள்ளிப் பார்ப்போம், வெளியே வந்துவிட்டால் நல்லது, வராவிட்டால் உடனே ஆபரேஷன் என்றார். அறுவை சிகிச்சை டாக்டரும் பக்கத்திலேயே தயாராக நிற்பார் என்றார். பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக் கேட்டார்.

“வலி எத்தனை மணிக்குத் தொடங்குச்சு?”

“பதினோரு மணிக்கு,” என்றாள் தர்ஷினி.

“வாயில என்னெல்லாம் குடுத்தீங்க? நாட்டு மருந்து, சாறு, பச்சிலை? உள்ளத உள்ளபடி சொல்லுங்க.”

தர்ஷினி வாயைத் திறப்பதற்குள் செல்வமணி முந்திக்கொண்டாள்.

“நான் ஓமவல்லிச் சாறு குடுக்கச் சொன்னேன் டாக்டர். இவ குடுக்கல. கொட்டிட்டா.” அவள் குரல் உடைந்தது. “குடுத்திருந்தான்னா, பச்சையா வந்தத சாறுன்னே நெனைச்சு இந்நேரமும் நாங்க வீட்ல உக்காந்திருப்போம்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “சாறு குடுத்திருந்தாலும் பச்சையா வந்தா வரணும்மா. இதுதான் காரணம்னு வீட்ல இருந்து நீங்களா முடிவு பண்ணக் கூடாது. நேரத்துக்கு வந்துட்டீங்க. நாளைக்குன்னு வச்சிருந்தா அந்தக் குடல் கறுத்துப் போயிருக்கும். வெட்டித்தான் எடுக்கணும். பிள்ளை தாங்குமான்னும் சொல்ல முடியாது.”

கதவு சாத்தப்பட்டது. வெளியே மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இசக்கித்துரை எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தான். தர்ஷினி தன் தோளில் காய்ந்திருந்த பச்சைக் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றேனே, அந்த அரைமணி நேரத்தில் எவ்வளவு குடல் கறுத்திருக்கும் என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் அவளுக்குள் ஓடவில்லை. முதல் முயற்சியில் வரவில்லை என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது முயற்சி என்றாள். அதன்பிறகு கதவு நெடுநேரம் திறக்கவில்லை.

ஏழரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். குடல் திரும்பி வந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டியதில்லை.

இசக்கித்துரை பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். டாக்டர் அவன் அழுது முடிக்கும்வரை பொறுத்தார்.

“சந்தோசம்தான். ஆனா நூத்துல பத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி சொருகும். பெரும்பாலும் முதல் ரெண்டு நாள்ல. பழையபடி காலை மடக்கிக் கத்துனாலோ, பச்சையா கக்குனாலோ, ரத்தம் வந்தாலோ உடனே கூப்பிடணும். வீட்டுக்குப் போன பிறகும் இதே பேச்சுதான்.”

பத்தில் ஒன்று என்றால் குறைவுதான் என்று இசக்கித்துரை தன்னைத் தேற்றிக்கொண்டான். தர்ஷினியால் முடியவில்லை. ராத்திரி பிள்ளை காலை நீட்டி மடக்கும்போதெல்லாம் அவள் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். ஸ்பூனில் கரைசல் கொடுத்துப் பாருங்கள், மெதுவாக, என்றார். தங்கினால் தாய்ப்பால், அதுவும் தங்கினால் மத்தியானம் குழைந்த சோறு.

தர்ஷினி ஒரு லிட்டர் பாட்டிலில் பாக்கெட்டைக் கரைத்து, டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். முகம் வாடியிருந்தது, ஆனால் கண்ணில் ஆள் இருந்தது. கட்டிலின் மறுபக்கம் செல்வமணி உட்கார்ந்திருந்தாள். நேற்றைக்கு அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு அவள் தர்ஷினியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

தர்ஷினி ஒரு ஸ்பூன் விட்டாள். பிள்ளை விழுங்கினாள்.

“குடுத்தியா?” என்றாள் செல்வமணி.

கண் முன்னால் நடந்ததைத்தான் கேட்டாள்.

“குடுத்தேன் மதினி.”

செல்வமணி எழுந்து வந்தாள். குனிந்து பிள்ளையின் உதட்டைக் கட்டைவிரலால் தொட்டு ஈரம் பார்த்தாள். பிறகு ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில், தரையில் எங்காவது சிந்தியிருக்கிறதா என்று பார்த்தாள். வேண்டுமென்று குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. இனி அவளால் பார்க்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். அது தர்ஷினிக்கும் புரிந்தது.

“அதான் அந்தக் கறிவேப்பில அப்பிடித் தழைச்சுக் கெடக்கு,” என்றாள் செல்வமணி, தரையைப் பார்த்தபடியே. “நான் கைராசின்னு நெனைச்சுட்டு இருந்தேன். மூணு வருசமா நான் குடுத்ததுல எதத்தாம்ட்டி நீ குடிச்ச?”

“பிரசவத்துக்கு மறுநாள் குடுத்த பூண்டுப் பால். அது குடிச்சேன்.”

“நெசமாவா?”

“நெசமா.”

செல்வமணி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு கட்டிலின் ஓரத்தில், பிள்ளையின் வாய் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

“நேரம் ஆயிட்டு. அடுத்த ஸ்பூன குடு,” என்றாள்.

தர்ஷினி டம்ளரை அவள் பக்கமாகச் சரித்துப் பிடித்து, எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிட்டு, ஸ்பூனை முக்கினாள். பிள்ளை வாயைத் திறந்தாள். இரண்டு பெண்களும் அந்தத் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மெல்ல ஒரு காலை வயிற்றுப் பக்கமாக மடக்கினாள். இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். கால் மறுபடி நீண்டது.